மூன்று படங்களில் ஒரு பஷ்மினா: குஞ்சம், நெசவு, லேபிள்

"அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. அம்மாவுக்கு ஒரு பஷ்மினா சால்வை வாங்கலாம்னு ஸ்ரீநகர்ல இருக்கிற ஒருத்தர்கிட்ட கேட்டேன். விலை 6,500 ரூபாய்னு சொல்லி மூணு படம் அனுப்பினார். குஞ்சம் கயிறு மாதிரி அழகா முறுக்கியிருக்கு. நெசவு இழையே தெரியாத அளவுக்கு நெருக்கம். லேபிள்ல '100% ப்யூர் பஷ்மினா, ஹேண்ட்மேட் இன் காஷ்மீர்'னு போட்டிருக்கு. மோதிரத்துக்குள்ள சால்வை நுழையற வீடியோவும் இருக்கு. ஒரிஜினல்தானா? படத்தை வச்சே சொல்ல முடியுமா?"

இந்தப் படங்களில் இருப்பது கையால் நூற்றுக் கையால் நெய்த பஷ்மினா இல்லை. பார்த்தவரைக்கும் இது விஸ்கோஸ், அதாவது நம் ஊரில் செயற்கைப் பட்டு என்று சொல்கிற சரக்கு. பணம் கட்டிவிடாதீர்கள்.

படத்தை வைத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போலி என்று பல சமயம் சொல்லிவிடலாம். அசல் என்று படத்தை மட்டும் வைத்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. காஷ்மீர் பஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் வளரும் சாங்தாங்கி ஆட்டின் உள்ரோமம். அதன் தடிமன் சுமார் 12 முதல் 16 மைக்ரான். நம் தலைமுடியில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த அளவை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும், போன் கேமராவில் முடியாது. ஆனால் நூலை மனிதக் கை நூற்றதா மில் நூற்றதா, துணி எந்தத் தறியில் ஓடியது, லேபிள் சொல்வதும் துணி சொல்வதும் ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் படத்திலேயே தெரியும். அதனால் நான் முதலில் பார்ப்பது குஞ்சத்தைத்தான். சால்வை முழுக்க நூல் நெசவுக்குள் ஒளிந்திருக்கும். குஞ்சத்தில் மட்டும்தான் அது வெறும் நூலாக வெளியே நிற்கும்.

சாதாரணக் காஷ்மீர் பஷ்மினாவில் குஞ்சம் என்று தனியாக எதையும் சேர்ப்பதில்லை. தறியிலிருந்து துணியை வெட்டி எடுக்கும்போது நீளவாட்டில் ஓடும் பாவு நூலின் முனைகள் மிஞ்சும், அதுதான் குஞ்சம். பெரும்பாலும் ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை நீளத்துக்கு விட்டுவிடுவார்கள். முறுக்கவும் மாட்டார்கள், முடிச்சும் போட மாட்டார்கள். துவைத்த பிறகு அந்த முனைகள் லேசாகக் கலைந்து, பஞ்சு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

உங்கள் படத்தில் குஞ்சம் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் தொங்குகிறது. ஒவ்வொரு கயிறும் ஒரே தடிமன், கயிற்றுக்குக் கயிறு ஒரே இடைவெளி, எல்லா முடிச்சும் ஒரே மட்டத்தில் இருக்கிறது. குஞ்சம் முறுக்கும் இயந்திரம் என்றே ஒன்று உண்டு. வரிசையாக இருக்கும் கவ்விகளில் நூல் கொத்துகளை மாட்டினால், எல்லாக் கொத்துகளையும் ஒரே எண்ணிக்கைச் சுற்று முறுக்கி, பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கி விட்டுவிடும். அந்தச் சீர்மைதான் உங்கள் படத்தில் தெரிகிறது. கையால் முறுக்கியிருந்தால் ஒரு கொத்தில் பத்து நூல் இருக்கும், அடுத்ததில் பன்னிரண்டு இருக்கும். முடிச்சுகள் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக உட்காரும்.

ஆனால் முறுக்கிய குஞ்சம் இருந்தாலே போலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள். நேபாளத்தில் பஷ்மினாவும் பட்டும் கலந்து நெய்யும் சால்வைகளுக்கு முறுக்கிய குஞ்சம் வைப்பது வழக்கமே. காஷ்மீரிலும் வாங்குபவர் கேட்டால் முறுக்கிக் கொடுப்பார்கள். அதனால் கயிற்றின் முறுக்கைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கயிற்றைப் பிரித்து உள்ளே இருக்கும் ஒற்றை நூலின் முறுக்கைப் பார்க்க வேண்டும்.

காஷ்மீரில் பெண்கள் 'யெந்தர்' என்கிற ராட்டையில் பஷ்மினாவை நூற்கிறார்கள். நூற்ற நூல் இரண்டைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கி இரட்டைப் புரியாக்கிய பிறகுதான் தறிக்குப் போகும். விரலால் ரோமத்தை இழுத்து விட்டு நூற்கும்போது எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் நூல் ஓரிடத்தில் மெலியும், ஓரிடத்தில் தடிக்கும். முறுக்கு ஏறும்போது அது மெலிந்த இடத்தில்தான் போய்ச் சேரும். தடித்த இடம் திருக எதிர்ப்புக் காட்டும், மெலிந்த இடம் சுலபமாகத் திருகிக்கொள்ளும். அதனால் கையால் நூற்ற நூலை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நெருங்கிப் பார்த்தால் இறுகிய கம்பி போல ஒரு துண்டு தெரியும், அடுத்து உப்பிய பஞ்சு போல ஒரு துண்டு, பிறகு மறுபடியும் கம்பி. எங்கே என்ன வரும் என்பதற்கு ஒழுங்கே இருக்காது. மில் நூலில் தொடக்கம் முதல் முடிவு வரை சுற்றுகள் ஒரே சாய்வில், ஒரே நெருக்கத்தில் போகும். திருகாணி மரையைப் பார்ப்பது போல இருக்கும்.

இன்னொன்று, நூலைச் சுற்றியுள்ள மயிர்ப்படலம். ரோம நூல் எதுவானாலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுற்றிலும் நுண்ணிய மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் குஞ்சப் படத்தில் கயிற்றின் ஓரம் கத்தியால் வெட்டியது போல வழவழப்பாக இருக்கிறது. கயிறு வளையும் இடங்களில் வெள்ளைக் கோடாக ஒரு பளபளப்பும் தெரிகிறது. பஷ்மினா அப்படிப் பளபளக்காது, அதன் மினுமினுப்பு மங்கலானது. விஸ்கோஸ் பளபளக்கும். பட்டும் பளபளக்கும், ஆனால் உங்கள் லேபிள் 100% பஷ்மினா என்கிறது. ஆக லேபிளுக்கும் குஞ்சத்துக்கும் இங்கேயே ஒத்துப்போகவில்லை.

இரண்டாவது படத்துக்கு வருவோம். நெசவு நெருக்கமாக இருப்பதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். காஞ்சிபுரம் சேலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே இழை நெருக்கம் என்பது கனமும் தரமும். பஷ்மினாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கையால் நூற்ற பஷ்மினா நூலில் வலு குறைவு, அதனால் நெசவாளர் தறிப் பலகையை ஓங்கி அடிக்க முடியாது, அடித்தால் பாவு அறும். தவிர, சால்வையின் கதகதப்பே இழைகளுக்கு நடுவில் தங்கும் காற்றில்தான் இருக்கிறது. அதனால் நல்ல பஷ்மினாவை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். பெரும்பாலும் சாய்வரி நெசவாக இருக்கும், அல்லது 'சஷ்மே புல்புல்' என்கிற சின்னச் சின்ன வைரக்கட்ட நெசவாக இருக்கும். அந்த வரிகள் லேசாக நெளியும்.

அந்த நெளிவுக்குக் காரணம் உண்டு. கைத்தறியில் குறுக்கே போகும் ஒவ்வொரு ஊடை நூலையும் கை அடித்துச் சேர்க்கிறது. காலையில் அடிக்கும் அடியும் சாப்பாட்டுக்குப் பிறகு அடிக்கும் அடியும் ஒன்றாக இருக்காது. நூலும் தடித்தும் மெலிந்தும் வருவதால் ஓரிடத்தில் ஊடை நெருங்கும், ஓரிடத்தில் விலகும். என்னிடம் இருக்கும் ஒரு சால்வையில் நான்கு இடத்தில் லென்ஸ் வைத்து ஒரு சென்டிமீட்டருக்குள் வரும் ஊடைகளை எண்ணினேன். 21, 24, 20, 23 என்று வந்தது. அதே நாள் ஒரு விசைத்தறிச் சால்வையில் எண்ணினால் நான்கு இடத்திலும் 28. விசைத்தறியில் துணி சுருளும் வேகத்தைப் பல்சக்கரம் தீர்மானிக்கிறது, அதனால் எண்ணிக்கை மாறாது. உங்கள் படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் எண்ணிப் பார்த்தேன். எந்த இடத்திலும் ஓர் இழைகூட வித்தியாசம் வரவில்லை. சாய்வரியும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி போகிறது.

அவர் அனுப்பாத படம் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். சால்வையின் நீளவாட்டுக் கரை. கைத்தறியில் ஊடை நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் திரும்பும்போது ஊடை நூல் கரையில் வளைந்து திரும்பி உள்ளே போகும். அதனால் கரை மூடியிருக்கும், ஆனால் கொஞ்சம் வளைந்து நெளிந்து இருக்கும். நாடா இல்லாமல் ஓடும் புதிய வகைத் தறிகளில் ஒவ்வொரு ஊடையும் தனித்தனியாக வெட்டப்படும். அப்போது கரையில் வெட்டுமுனைகள் பிரஷ் போல நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது அதை மறைக்க மடித்துத் தைத்திருப்பார்கள். பஷ்மினா என்று சொல்லி, நீளக் கரை மடித்துத் தைத்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். கரை மூடியிருந்தால் மட்டும் நிம்மதியாகிவிட முடியாது. நாடா வைத்து ஓடும் பழைய விசைத்தறியிலும் அதே கரைதான் வரும்.

அப்புறம், படமே ஏமாற்றும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். சுருங்கும்போது முதலில் காணாமல் போவது நுண்ணிய மயிர்ப்படலம்தான். நல்ல சால்வைகூட வழவழப்பாகத் தெரியும். பல போன்களில் படத்தை மென்மையாக்கும் வசதி தானாகவே இயங்கும். அதனால் படத்தை 'டாக்குமெண்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள். பிளாஷ் வேண்டாம், ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சம் போதும். உங்கள் படங்களும் சுருங்கியவைதான். இருந்தாலும் ஊடை எண்ணிக்கையும் குஞ்சத்தின் பளபளப்பும் சுருங்கியதால் வந்தவை இல்லை.

லேபிள் படம்தான் மூன்றிலும் பலவீனமானது. அதில்தான் நிறையப் பேர் முதலில் நம்பிக்கை வைக்கிறார்கள். பளபளப்பான ரிப்பனில் '100% பஷ்மினா' என்றோ '70% பஷ்மினா 30% பட்டு' என்றோ அச்சடித்த லேபிளை யார் வேண்டுமானாலும் அச்சடித்து வாங்கலாம். இந்தியாவில் மட்டும் இல்லை, உலகம் முழுக்கச் சுற்றுலாக் கடைகளில் தொங்கும் விஸ்கோஸ் சால்வைகளில் இந்த 70-30 வாசகத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவில் பஷ்மினா என்பது சட்டப்படியான நார்ப்பெயரே கிடையாது. உள்ளே இருக்கும் நார் காஷ்மியரா பட்டா என்று தனியாக எழுதியாக வேண்டும்.

இங்கே எடை உள்ள லேபிள் புவிசார் குறியீட்டு லேபிள். 'காஷ்மீர் பஷ்மினா' 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. ஸ்ரீநகரில் கைவினை வளர்ச்சி நிறுவனத்தில் இருக்கும் பஷ்மினா பரிசோதனை மையத்தில் சால்வையைக் கொடுத்தால், நார் 16 மைக்ரானுக்குள் இருக்கிறதா, கையால் நூற்றதா, கைத்தறியில் நெய்ததா என்று பார்த்துவிட்டு லேபிள் ஒட்டுவார்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் லேபிள் கிடையாது. ஒவ்வொரு லேபிளுக்கும் தனி எண் உண்டு, சாதாரண வெளிச்சத்தில் தெரியாத பாதுகாப்பு அடையாளமும் உண்டு.

இதை வைத்து நீங்கள் ஒரு சோதனை செய்யலாம். புவிசார் லேபிள் ஒட்டிய சால்வையில் நூல் திருகாணி மரை மாதிரி சீராக இருந்தால் அது நடக்கவே முடியாத காரியம். ஒன்று லேபிள் பொய், அல்லது லேபிள் வேறு சால்வையிலிருந்து வந்தது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். ஒரே ஒரு நல்ல சால்வையின் லேபிளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, விற்கிற எல்லாவற்றோடும் அதே படத்தை அனுப்புவார்கள். அதனால் லேபிளைத் தனியாக எடுத்த படத்தை ஏற்காதீர்கள். லேபிள், குஞ்சம், உங்கள் பெயரும் அன்றைய தேதியும் கையால் எழுதிய ஒரு துண்டுக் காகிதம், மூன்றும் ஒரே படத்தில் வரட்டும். லேபிள் எண் தெளிவாகத் தெரியட்டும். அந்த எண்ணைப் பரிசோதனை மையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். உங்களுக்கு வந்த படத்தில் இருப்பது ரிப்பன் லேபிள் மட்டும்தான். எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை. அது தைத்திருக்கும் துணி சால்வையின் துணிதானா என்றுகூடத் தெரியாத அளவுக்கு நெருக்கி எடுத்திருக்கிறார்கள்.

மோதிர வீடியோவை மறந்துவிடுங்கள். துணி மெல்லியதாகவும் வழுக்குவதாகவும் இருந்தால் மோதிரத்துக்குள் நுழையும். விஸ்கோஸ் பஷ்மினாவைவிட நன்றாகவே நுழையும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் ஆட்டிலிருந்து வருடத்துக்குக் கிடைக்கும் உள்ரோமம் சில நூறு கிராமைத் தாண்டாது. முரட்டு முடியைப் பிரித்து எடுத்த பிறகு அதில் பாதிகூட மிஞ்சாது. ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளமுள்ள சால்வை சுமார் 200 கிராம் இருக்கும். அதாவது இரண்டு மூன்று ஆடுகளின் ஒரு வருட ரோமம். அதை நூற்க வாரக்கணக்கில் ஆகும், நெய்யப் பல நாள் ஆகும். அந்தக் கூலியெல்லாம் 6,500 ரூபாய்க்குள் அடங்காது.

நானே ஏமாந்த கதை ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் கதையைவிடக் கொஞ்சம் சிக்கலானது. பல வருடங்களுக்கு முன் ஸ்ரீநகரில் ஒரு கடையில் கையால் நூற்றது என்று சொல்லி ஒரு சால்வை வாங்கினேன். குஞ்சம் சின்னதாக, முறுக்காமல் இருந்தது. மயிர்ப்படலமும் இருந்தது, தொட்டால் அவ்வளவு மென்மை. இரண்டே குளிர்காலத்தில் மடிப்பு வரும் இடங்களில் துணி நைந்து ஓட்டை விழுந்தது. பிறகுதான் குஞ்சத்தில் ஒரு நூலைப் பிரித்து லென்ஸில் பார்த்தேன். இரண்டு புரியும் அச்சு அசலாக ஒரே சீராக இருந்தன, மில் நூல். பஷ்மினா ரோமம் மட்டும் தனியாக மில் நூற்பின் இழுப்பைச் சுலபமாகத் தாங்காது. அதனால் நைலான் நாரைக் கலந்து நூற்று, நெய்து முடித்த பிறகு அமிலத்தில் போட்டு நைலானைக் கரைத்து எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது பஷ்மினா நார்தான், பொய் சொல்ல முடியாது. ஆனால் அந்த அமிலத்தில் ரோமத்தின் வலுவும் போய்விடுகிறது. நார் உண்மை, வேலை பொய் என்கிற இந்த வகையை நெருப்பு வைத்துப் பார்த்தாலும் பிடிக்க முடியாது. ஒற்றை நூலின் முறுக்கில்தான் பிடிபடும். அதனால்தான் குஞ்சத்தைப் பற்றி இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

நெருப்புச் சோதனை பற்றியும் கேட்பீர்கள். சால்வை கைக்கு வந்த பிறகு குஞ்சத்தில் மூன்று நான்கு நூலை மட்டும் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். விஸ்கோஸ் காகிதம் எரிவது போல நிமிஷத்தில் எரிந்து, காகித வாடையோடு சாம்பலாகும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு கடினமான கறுப்பு மணியாகும். ரோமம் தயங்கித் தயங்கி எரியும், தலைமுடி பொசுங்கிய நாற்றம் வரும், மிஞ்சுவதை விரலால் நசுக்கினால் பொடியாகும். ஆனால் செம்மறி ரோமமும் பட்டும் இதே நாற்றம்தான் தரும். மெரினோ கம்பளி நூலில் நெய்து 'செமி பஷ்மினா' என்று விற்பது இந்தச் சோதனையில் தேறிவிடும். அதனால் இது செயற்கை இழையை ஒதுக்க மட்டுமே உதவும். குஞ்சத்தை மட்டும் கம்பளி நூலில் சேர்த்துக் கட்டிய சால்வையும் வரலாம். பாவு நூலே வெளியே நீள்கிறதா, அல்லது தனியாகக் கோத்த குஞ்சமா என்று கொளுத்துவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. விற்பவரிடம் சண்டை வேண்டாம். ஐந்து படம் கேளுங்கள். குஞ்சத்தின் ஒரு கயிற்றைப் பிரித்து, ஒற்றை நூலைக் கறுப்புக் காகிதத்தின் மேல் ஸ்கேலோடு வைத்து எடுத்த படம். சால்வையை ஜன்னலுக்கு எதிரே பிடித்து, ஸ்கேலோடு எடுத்த நெசவுப் படம், மேலே ஒன்று, கீழே ஒன்று. நீளவாட்டுக் கரை. கடைசியாக, லேபிளும் குஞ்சமும் உங்கள் பெயர் எழுதிய காகிதமும் சேர்ந்த படம். நேர்மையான வியாபாரிக்கு இது பத்து நிமிஷ வேலை, நல்ல சரக்கு வைத்திருப்பவர்கள் சந்தோஷமாகவே அனுப்புவார்கள். உங்கள் ஆள் அந்த ஒற்றை நூல் படத்தை மட்டும் தவிர்ப்பார் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்குக் கட்டாயம் அசல் பஷ்மினாதான் என்று முடிவு செய்திருந்தால், புவிசார் லேபிள் உள்ளதை எண்ணோடு கேளுங்கள், முழுச் சால்வைக்குப் பட்ஜெட் போதாவிட்டால் அகலம் குறைந்த ஸ்டோலாகப் பாருங்கள். ரோமமே வேண்டும், கைநூற்பு அவசியமில்லை என்றால், மெரினோ என்று ஒளிக்காமல் சொல்லி விற்கும் நல்ல சால்வை உங்கள் 6,500 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும், கதகதப்பாகவும் இருக்கும். படத்தில் இருக்கும் இந்த விஸ்கோஸ் சால்வையின் நிறம்தான் பிடித்திருக்கிறது என்றால் அதையும் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள்.